நாற்பதுக்கு மேல் பேர் இல்லை

அரக்குப் பட்டுச்சேலையைக் கொடியில் உதறிப் போட்டிருக்கிறேன். பூச்சி உருண்டை வாசம் போகமாட்டேன் என்கிறது. என் கோபமும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை கோலா சிலாங்கூர் மண்டபத்தில் நடந்த மகளிர் விழாவுக்காக அதைப் பெட்டிக்கு அடியிலிருந்து எடுத்தேன்.

நடத்தியவள் கோமதி டீச்சர். எங்கள் பழைய ரப்பர் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய மண்டோருடைய பேத்தி. போன மாதம் வீடு தேடி வந்தாள்.

"பாட்டி, பொம்பளைக்குத் தமிழ்ல ஏழு பருவம் இருக்கு. ஏழு பேரை மேடையில நிக்க வைக்கப் போறோம். கடைசிப் பருவம் பேரிளம்பெண். வயசானவங்க. நீங்கதான் லா!"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனாலும் மீன் கழுவும்போதும் துணி துவைக்கும்போதும் சொல்லிச் சொல்லி ஏழையும் மனப்பாடம் செய்துவிட்டேன். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். எழுபது தாண்டியவளுக்கும் ஒரு பேர் எடுத்து வைத்திருக்கிறார்களே என்று, என்ன சொல்வது, கண் கலங்கிப் போனேன். வெட்கக்கேடு.

மேடைக்குப் பின்னால் வரிசையாக நின்றோம். பேதையாக நின்ற பிள்ளை கையில் பொம்மை கொடுத்திருந்தார்கள். அந்த வயதில் என் இடுப்பில் தம்பி இருந்தான், மூக்கு ஒழுகிக்கொண்டு. அம்மா பால் வெட்டப் போனால் அவனைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிப் போவது என் வேலை. பெதும்பைக்குப் பாவாடை, சலங்கை. நான் அந்த வயதில் மரத்தடியில் சிந்திக் காய்ந்த ஒட்டுப்பால் பொறுக்கினேன். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் சீயக்காய் போட்டாலும் இறங்காது. மங்கைக்குத் தலை நிறையப் பூ. எனக்குத் தோட்டத்து லயத்து வீட்டு மூலையில் பழைய சேலையைத் தடுப்பாகக் கட்டி உட்கார வைத்து, நல்லெண்ணெய் குடிக்கக் கொடுத்தார்கள். தலைக்குத் தண்ணி ஊற்றிய மறுவாரமே கணக்கு எழுதும் கிராணி என்னை மேலும் கீழும் பார்த்து, "இதுக்கு அரைச் சம்பளம் போடு" என்றார். மடந்தை வயதில் முழுச் சம்பளம், கழுத்தில் தாலி, வயிற்றில் மூத்தவன்.

இப்படி நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டு நிற்க, ரவாங்கிலிருந்து வந்த அறிவிப்பாளர் தம்பி கைப்பேசியைப் பார்த்து வயதுகளைச் சரிபார்த்தான். "பேதை அஞ்சுல இருந்து ஏழு. பெதும்பை எட்டு டு பதினொண்ணு. மங்கை பன்னெண்டு பதிமூணு. மடந்தை பத்தொம்பது வரைக்கும். அரிவை இருபத்தஞ்சு. தெரிவை முப்பத்தொண்ணு. பேரிளம்பெண்..." நிறுத்தினான். "டீச்சர், நாப்பதுதான். அதோட முடிஞ்சிருச்சு."

"அதுக்கு மேல?" என்றேன்.

"அதுக்கு மேல இல்ல பாட்டி. அந்தக் காலத்து உலாப் பாட்டுல ராஜா வீதியில பவனி வருவாரு. ஏழு பருவத்துப் பொண்ணுங்களும் அவரைப் பார்த்து மயங்குவாங்க. பேதைக்கு மட்டும் ஒண்ணும் புரியாது. புலவருங்க அப்படித்தான் பாடியிருக்காங்க."

"ஓகோ. ராஜா பார்க்கிற வயசு வரைக்கும்தான் பேரா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். டீச்சர் என் கையைப் பிடித்தாள்.

"பாட்டி, சும்மா நில்லுங்க லா. நாப்பதுன்னே சொல்லிருவோம். டை அடிச்ச மாதிரி நினைச்சுக்குங்க."

"எழுபத்திரண்டுன்னு மைக்குல சொல்லு, நிக்கிறேன்."

"சொன்னா என்ன பேர் பாட்டி சொல்றது?"

"அதைத்தானே நான் கேக்குறேன்!"

டீச்சர் சுற்றுமுற்றும் பார்த்தாள். மாவட்ட ஆபீசில் வேலை செய்கிற, நாற்பதைத் தாண்டாத ஒருத்தியைக் கூப்பிட்டு என் இடத்தில் நிறுத்தினாள். என் கையில் பன்னீர்ச் செம்பு. வாசலில் நின்று வருகிறவர்களுக்குத் தெளிக்கணுமாம். செம்பை நாற்காலியில் வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். உள்ளே கைதட்டல் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

தோட்டத்திலும் இதேதான் நடந்தது. ஐம்பத்தைந்து ஆனதும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். விடியுமுன் வழக்கம்போல் களத்தில் போய் நின்றேன். என்னைத் தாண்டி அடுத்தவள் பேருக்குப் போனார் மண்டோர். அதே வருஷம் லயத்து வீட்டையும் காலி செய்யச் சொன்னார்கள். உழைக்கும் வரைக்கும் பேர், பார்க்கும் வரைக்கும் பேர். புலவனும் கிராணியும் ஒரே பெஞ்சில் படித்திருப்பார்கள் போலிருக்கிறது.

அன்று களத்தில் என்னோடு நின்றவள் அஞ்சலை. அவளையும் கூப்பிடவில்லை. "ஏ புள்ள, வா, காப்பித்தண்ணி குடிக்கலாம், இவனுங்க கெடக்குறானுங்க" என்று என் தோளில் கை போட்டு இழுத்துப் போனாள். அதற்குப் பிறகும், பல் போய், காது மந்தமாகி, ஆளுக்கொரு பக்கம் குடிபோன பிறகும், போனில் அவளுக்கு நான் புள்ளதான்.

தோட்டத்து ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை போட்டார்கள், அதையும் அழித்து வீடு கட்டினார்கள். அஞ்சலை போன வருஷம் புக்கிட் பெருந்துங்கில் மகன் வீட்டில் கண்ணை மூடினாள். கடைக்காரனுக்கும் பஸ்காரனுக்கும் டீச்சருக்கும் நான் பாட்டி. புள்ள என்று கூப்பிட இந்த மண்ணில் இனி ஒரு வாய் இல்லை.