சாயா கொடுக்க எழுப்பியபோது

மட்டாஞ்சேரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அன்று ஒரு கட்டிலும் காலியில்லை. மிளகுக் கிடங்குத் தொழிலாளி ஒருவர் வெறிபிடித்துத் திமிறினார். ஆஸ்துமாக்காரர் என்பதால் நுரையீரலை எரிக்கும் பாரால்டிஹைடு மயக்கமருந்து வேண்டாமென்றார் டாக்டர். அதற்குப் பதிலாகக் குளோர்புரோமசின் ஊசியைப் புட்டத்தில் ஆழமாகப் போட்டேன். மெல்ல அடங்கினார். இரத்த அழுத்தம் பார்த்துவிட்டு அடுத்த நோயாளியிடம் திரும்பினேன். அதற்குள் தொழிலாளியின் மனைவி அவரை நிமிர்த்தி உட்காரவைத்துவிட்டார்.

“ஒரு வாய் சாயா குடிக்கட்டும், சிஸ்டரே.”

கணவரின் தலை தொங்கியது. நாடி கைக்கு அகப்படவில்லை.

“படுக்க வையுங்க, சேச்சி! இந்த மருந்துக்கு எழும்பினா பிரஷர் விழும்!”

கட்டிலின் கால்மாட்டை உயர்த்தினோம். மூச்சை எண்ணிக்கொண்டே நாடியைத் தேடினேன். வெகுநேரம் கழித்து அது நூல்போல விரலில் தட்டியது. கண் விழித்தவர் எழ முயன்றார். மனைவி அவர் தோள்களை அழுத்திப் பிடித்து, “எழும்பாதீங்க, எழும்பாதீங்க” என்று அழுதார்.