கொழுந்தன் விட்டுப்போன மீட்டர்

எங்கள் டெய்லரக்காவைச் சாது என்று நினைப்பவர்கள் ஒரு தடவை அவளிடம் வம்பு பண்ணிப் பார்க்கட்டும். நான் அவள் கடையில் பட்டன் தைப்பவள். எல்லாவற்றையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள். சொல்லும்போதே எனக்கு நாக்கு தித்திக்கிறது.

அக்காவின் புருஷன் இறந்துபோன பிறகு வீட்டைப் பாகம் பிரித்தார்கள். தெருப்பக்கத்து அறை அவளுக்கு வந்தது. அதுவரை அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருந்த கொழுந்தன், வேறு வாடகை இடத்துக்கு மாறினான். போகும்போது சுவரிலிருந்த ப்ரீபெய்டு மீட்டரைக் காட்டி, "இது உங்களுக்கே இருக்கட்டும் அண்ணி, கழட்டிக்கிட்டா போகப்போறேன்?" என்றான். தெருவே அவனை மெச்சியது. நானும்தான் மெச்சினேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

இரண்டு தையல் மெஷின், ஒரு ஃபேன், ஒரு லைட். அவ்வளவுதான் எங்கள் கரண்ட். ஆனால் ரீசார்ஜ் பண்ணிய பணம் வெயிலில் வைத்த ஐஸ் மாதிரி கரைந்தது. ஊருக்குப் போனபோது மெயினை அணைத்துவிட்டே போனோம். திரும்பி வந்து போனில் பார்த்தால் பேலன்ஸ் குறைந்திருக்கிறது. ஒரு தடவை காசில்லாமல் கொஞ்ச நாள் இருட்டிலேயே கிடந்துவிட்டு, பிறகு பணம் போட்டால் பாதிகூடக் கணக்கில் நிற்கவில்லை.

"அவன்தான் எங்கேயோ ஒயர் போட்டு இழுக்கிறான்" என்றாள் அக்கா. தெருவே பார்க்க அவன் மானத்தை வாங்க வேண்டும் என்று திருட்டுப் புகார் கொடுத்தாள்.

மின்வாரிய ஊழியர் வந்தார். மெயினை அணைத்துவிட்டு மீட்டரைப் பார்த்தார். யூனிட் அசையவில்லை.

"திருட்டெல்லாம் இல்லம்மா. இது வெல்டிங்குக்காகப் பதினைஞ்சு கிலோவாட் வாங்கின கனெக்‌ஷன். உங்க மெஷினுக்கு ஒரு கிலோவாட்டே ஜாஸ்தி. அந்த லோடுக்கான ஃபிக்ஸட் சார்ஜைத் தினமும் முதல்ல எடுத்துக்கும். நீங்க லைட்டே போடலைன்னாலும் எடுக்கும். பேலன்ஸ் தீர்ந்து கட் ஆனாலும் அது மைனஸா ஏறிக்கிட்டேதான் இருக்கும். அடுத்து நீங்க போடற பணத்துல அதைக் கழிச்சிட்டுத்தான் மிச்சம்."

"லோடைக் குறைக்க முடியாதா?"

"குறைக்கலாம். கனெக்‌ஷன் யார் பேர்ல இருக்கோ அவங்க கையெழுத்துப் போடணும். இது இருக்கிறவரைக்கும் இந்த அறைக்கு வேற கனெக்‌ஷனும் தரமாட்டாங்க."

கொழுந்தன் பேரில் இருந்தது. அக்கா கேட்கப் போனாள். "இப்ப என்ன அவசரம் அண்ணி, பார்க்கலாம்" என்று சிரித்தான். அன்றே டீக்கடையில், "கரண்டு பணம் கட்டியே ஓய்ஞ்சிடுவாங்க. அறையை என்கிட்டயே வந்த விலைக்குத் தள்ளிட்டுப் போவாங்க" என்று சொல்லியிருக்கிறான். அது எங்கள் காதுக்கு வர எவ்வளவு நேரமாகும்!

அக்கா அழவில்லை. ஊழியருக்குப் போன் போட்டு ஒரே கேள்வி கேட்டாள்: "அந்த மைனஸ் யார் பேர்ல ஏறும் சார்?"

அதோடு ரீசார்ஜை நிறுத்தினாள். கரண்ட் போனது. பழைய கால்மெஷினைத் துடைத்து எண்ணெய் விட்டாள். வெந்து நொந்தோம். மெஷின் வேகம் இல்லாததால் பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆர்டர் கைவிட்டுப் போனது. அவள் முழங்கால் வீங்கியது. "விட்டுத் தொலைக்கா" என்று நானே கெஞ்சினேன். "மிதிக்கிற ஒவ்வொரு மிதியும் அவன்மேலன்னு நினைச்சுக்கிறேன், வலிக்கலை" என்றாள். பொய். வலித்தது. ஆனாலும் மிதித்தாள்.

கொழுந்தன் சொந்த இடம் வாங்கி ஷெட் போட்டான். கேட், கிரில் என்று பெரிய ஆர்டர் பிடித்தான். புது கனெக்‌ஷன் கேட்டு மின்வாரியத்துக்குப் போனால், உங்கள் பேரில் பழைய பாக்கி இருக்கிறது, கிடையாது என்றுவிட்டார்கள். மூச்சிரைக்க எங்கள் கடைக்கு ஓடிவந்தான்.

"அண்ணி, இதென்ன அநியாயம்? ரீசார்ஜ் பண்ணியிருக்கலாம்ல?"

"உட்காருங்க தம்பி" என்று மதிய வெயில் நேரே விழும் ஸ்டூலைக் காட்டினாள்.

"நானே கட்டித் தொலைக்கிறேன்."

"கட்டுங்க. மறுநாளே திரும்ப மைனஸ் ஏறும். நான் ஒத்தப் பைசா போடமாட்டேன். பாக்கியைத் தீர்த்து, லோடைக் குறைச்சு, கனெக்‌ஷனை என் பேருக்கு மாத்திக் கொடுங்க. அப்புறம் உங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை."

"யோசிச்சு சொல்றேன்."

"நிதானமா யோசிங்க. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."

சட்டை முதுகோடு ஒட்டும்வரை உட்கார்ந்திருந்தான். அவள் தலை நிமிராமல் தைத்துக்கொண்டிருந்தாள். நான் விசிறியை எனக்கு மட்டும் வீசிக்கொண்டேன். கடைசியில் எழுந்து நேராக ஆபீசுக்குப் போய்ப் பணம் கட்டி, கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

பேர் மாறி, ஃபேன் சுற்றிய அன்று வாசலில் வந்து நின்றான். பெரிய ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விட்டதாம். கண் கலங்கியிருந்தது.

"அண்ணன் உயிரோட இருந்திருந்தா எனக்கு இப்படிப் பண்ண உங்களை விட்டிருப்பாரா அண்ணி?"

அக்கா மெஷினை நிறுத்தினாள்.

"அவர் இருந்திருந்தா, இந்த மீட்டரை என் தலையில கட்டியிருப்பீங்களா தம்பி?"