‘கூடாது’ இல்லாத வீடியோ

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் சர்க்குலர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் பத்திரமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. குழாயை மூடுங்கள் என்று சொல்லக்கூட, “இதன்மூலம் அனைவருக்கும் தெரிவிப்பது யாதெனில்” என்று ஆரம்பிக்கிற மனிதர். மனிதவளப் பிரிவில் தலை நரைத்ததுதான் மிச்சம்.

அவரிடம் போய், புதிதாகச் சேருகிறவர்களுக்குக் காட்ட ஒரு வீடியோ எழுதச் சொன்னார்கள். மீனைப் பிடித்து மரமேறச் சொன்ன கதை.

“விதி எல்லாம் இருக்கணும். ஆனா ரூல்ஸ் புத்தகத்தை வாசிக்கிற மாதிரி இருக்கக்கூடாது,” என்றார் மேனேஜர். எழுதிக் கொடுத்ததைப் பாதி படித்துக் கொட்டாவி விட்டார். அடுத்ததற்குக் கொட்டாவிகூட வரவில்லை, நேராகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை புதியவர்கள் வருகிறார்கள்.

சர்க்குலருக்கு மேனேஜரைப் பற்றிக் கவலை இல்லை. போன தடவை சேர்ந்த ஒரு பெண்தான் மனதில் நின்றாள். சீனியர் ஒருவர் கேட்டாரென்று தன் பாஸ்வேர்டைக் கொடுத்தாள். அவள் பெயரில் ஒரு தவறான பில் பாஸானது. வேலை போனது. விதிகளைப் படித்தேன் என்று கையெழுத்துப் போட்டவள்தான். வேலைநீக்கக் கடிதத்தை அடித்தது சர்க்குலர். இன்னொரு முறை அப்படி ஒரு கடிதம் அடிக்க அவர் விரல்களுக்குத் தெம்பு இல்லை.

சனிக்கிழமை மாலை வீட்டில் ஸ்கிரிப்டை விரித்தார். பக்கத்தின் இடது பாதியில் திரையில் தெரிய வேண்டிய காட்சி, வலது பாதியில் பேச வேண்டிய வசனம். காதால் கேட்கிறவற்றை வாய்விட்டுப் படித்துத்தான் திருத்த வேண்டும் என்று மனைவியை எதிரே உட்கார வைத்தார். அவள் கையில் ஒரு கரண்டி.

“ஊழியர்கள் தங்கள் கடவுச்சொல்லைப் பகிரக்கூடாது...”

டங்.

“அடையாள அட்டையின்றி உள்ளே நுழையக்கூடாது...”

டங்.

“ஏம்மா தட்டுறே?”

“ஒவ்வொரு ‘கூடாது’க்கும் ஒரு தட்டு. எப்பத் தூக்கம் வருதுன்னு பாக்கறேன். ஏங்க, கல்யாணத்துக்கு முன்னாடியும் எனக்கு இப்படித்தான் லெட்டர் எழுதினீங்க.”

அவர் சிரிக்க முயன்றார். முகம் ஒத்துழைக்கவில்லை. அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னார். கரண்டி மேசைக்கு இறங்கியது.

“இதையே படமா எடுங்களேன்.”

“அவ கதைம்மா. அவளக் கேக்காம எப்படி?”

“அப்ப கேளுங்க.”

அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்பதற்குள் தண்ணீர் இரண்டு டம்ளர் குடித்துவிட்டார். மறுமுனையில் அவள் அவசரமாகச் சொன்னாள்:

“என் கதை வேணாம் சார். எப்படி மாத்தினாலும் நான்தான்னு கண்டுபிடிச்சிருவாங்க.”

“சரிம்மா. போடல. மன்னிச்சுக்கோ.”

“ஒண்ணு சொல்லவா சார்? ரூல் எனக்குத் தெரியும். அவரு தலைக்குமேல நின்னுட்டு, ‘என்னம்மா, நம்பிக்கை இல்லியா’ன்னாரு. எப்படி மாட்டேன்னு சொல்றதுன்னுதான் தெரியல. வார்த்தையே வரல.”

போனை வைத்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. அவர் விதியைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். வாயைத் திறக்க ஒரு வார்த்தை கொடுத்ததில்லை.

எழுதியதை எல்லாம் கோடு போட்டு அடித்தார். ஒரு புதுப் பையனின் முதல் நாளையே கதையாக்கினார். வாசலில் அட்டை, மேசை, லீவு, புகார். லீவு நாட்கள் வருடாவருடம் மாறுமென்பதால் எண்ணைச் சொல்லாமல், எங்கே பார்ப்பது என்று மட்டும் காட்டினார். தொல்லை கொடுத்தால் யாரிடம் போவது என்பதில் சட்டப் பிரிவு கொடுத்த வாசகத்தில் கை வைக்கவில்லை. அதை அப்படியே திரையில் எழுத்தாக விட்டார். பாஸ்வேர்டு காட்சியில் மட்டும் ஒரு சீனியர் வந்து மேசையில் சாய்கிறார். பையன், கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஐடி பிரிவுக்குப் போனை எடுத்தபடி சொல்கிறான்: “சார், என்கிட்ட வேணாம். ஐடிக்கு நானே போன் போட்டுத் தரேன்.”

மனைவி கடைசிவரை கரண்டியைத் தொடவில்லை.

ஸ்கிரிப்டைப் படித்த மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை போனில் இழுத்தார்: “சீனியருங்க பாஸ்வேர்டு கேக்கறாங்கன்னு நாமளே சொல்ற மாதிரி இருக்கே?”

“கேக்கறாங்க சார்.”

அந்தப் பக்கம் பெருமூச்சு. “சரி, எடுங்க.”

நடித்தது வரவேற்பறைக்காரரும் டிரைவரும்தான், எடுத்தது ஒரு செல்போன். திங்கட்கிழமை அதைப் போட்டார்கள். டிரைவர் சீனியராக முறைத்த இடத்தில் புதியவர்கள் சிரித்தார்கள். சர்க்குலருக்கு அது நல்லதா கெட்டதா என்று புரியவில்லை. புரிந்துகொள்ளத் தெம்பும் இல்லை.

மறுநாள் காலை அவருடைய பாஸ்வேர்டு காலாவதியாகிக் கணினி பூட்டிக்கொண்டது. அசதியில் பக்கத்தில் இருந்த புதுப் பெண்ணின் மேசையில் சாய்ந்தார்.

“ஒரு நிமிஷம் உன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறம்மா. அவசரம்.”

அவள் நிமிர்ந்தாள். காது சிவந்தது.

“சார், என்கிட்ட வேணாம். ஐடிக்கு நானே போன் போட்டுத் தரேன்.”

சொல்லிவிட்டு, அடி விழுமோ என்பதுபோல் பார்த்தாள்.

“போடும்மா,” என்றார் சர்க்குலர்.

ஐடிக்காரர்கள் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்தார். எத்தனை நேரம் வேண்டுமானாலும் பாடட்டும் என்றிருந்தது.