வேன் வாளையாரைத் தாண்டியதும்

வாட்ஸ்ஆப் குழுவைக் கெடுத்தது நான்தான். யாரோ ஒரு பொறுக்கி கெடுத்தான் என்று வெகுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பாதிதான் உண்மை.

என்னுடையது பலசரக்குக் கடை. காய்கறியும் உண்டு. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற ஊர். காய் கோயம்புத்தூர் சந்தையிலிருந்து வேனில் வரும். எல்லைச் சாவடியான வாளையாரில் லாரிகள் நெருக்கி நிற்காத நாளில் பதினொரு மணிக்கு வந்துவிடும். நெருக்கி நின்றால் ஒன்றோ, இரண்டோ, மூன்றோ. அது வேன் ஓட்டுகிறவருக்கே தெரியாது.

நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் ஒரு மணி சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு வருவார்கள். வாய்க்கால் மேட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர், கொளுத்துகிற வெயிலில் நடை. வந்தால் பல நாள் வேன் வந்திருக்காது. வாடிப்போன நேற்றைய கீரையைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடப்பார்கள். ஃபோன் செய்தால் நான் எடுப்பதில்லை. ஒரு கையில் தராசு, இன்னொரு கையில் பை. எதை வைத்து எடுப்பது?

அதற்காகத்தான் குழு ஆரம்பித்தேன். எல்லோரையும் அதில் சேர்த்தேன். யாரையும் கேட்கவில்லை. என் ஃபோனில் நம்பர் இருந்தது, சேர்த்தேன். அவ்வளவுதான் யோசனை.

குழுவில் எல்லோருடைய நம்பரும் எல்லோருக்கும் தெரியும். அதில் இருந்த ஒருவன் அந்தப் பெண்களின் தலைவியுடைய நம்பரை எடுத்து, நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிட ஆரம்பித்தான். அந்த அக்கா கடைக்கு வந்து சொன்னார். நான் பருப்பு அளந்துகொண்டே, "பிளாக் பண்ணி உட்ருங்கக்கா" என்றேன்.

"அவ்வளவுதானுங்களா தம்பி?"

"வேற என்னங்க பண்றது?"

அவர் போய்விட்டார். மறுநாள் குழுவிலிருந்து விலகினார். அவர் பின்னால் மற்ற பெண்களும் விலகினார்கள். கடைக்கு வருவதையும் நிறுத்திவிட்டார்கள். முக்கில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனார்கள். பிறகு நான் அவனைக் குழுவிலிருந்து தூக்கினேன், கடைக்கும் வராதே என்றேன். ஆனால் அதைச் செய்யவேண்டிய நாள் கடந்து போயிருந்தது. அவர்கள் திரும்பி வராவிட்டால் காய் வியாபாரத்தை விடவேண்டியதுதான். பாதி வேன் காய் அவர்களுக்காக வருவது.

குழுவை அழித்துவிட்டு வாட்ஸ்ஆப் சேனல் தொடங்கலாம் என்று சொன்னவள் என் மனைவி. சேனலில் நாங்கள் மட்டும்தான் எழுத முடியும். படிக்கிறவர்கள் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்து 'ஃபாலோ' அழுத்தினால் போதும், யாரும் யாரையும் இழுத்துச் சேர்க்கவேண்டியதில்லை.

அழைப்பு வாசகத்தை நான் எழுதினேன். 'அதிரடிச் சலுகைகள்! உடனே இணையுங்கள்!' கடைக்கு வெளியே ஒட்டினேன். ஒரு வாரத்தில் சேர்ந்தவர்கள் ஆறு பேர். அதில் இரண்டு பேர் என் மச்சினர்கள்.

"ஏனுங்க, என்ன சலுகை குடுக்கறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஏதாவது குடுப்போம்."

"ஏதாவதுன்னா யாரு வருவா? அவங்களுக்கு வேண்டியது வேன் எப்ப வருதுங்கறதுதானுங்களே. அதை எழுதுங்க. அப்புறம் நம்பரு பயம் இருக்கு. அதையும் எழுதுங்க."

எழுதினேன். புதுத் தாளில் வேன் படமும் க்யூஆர் கட்டமும் போட்டு, கீழே இப்படி:

'வேன் வாளையாரைத் தாண்டியதும் சேனலில் சொல்கிறோம். அடுத்த முக்கால் மணி நேரத்தில் காய் கடையில் இருக்கும். வெயிலில் சும்மா நடக்க வேண்டாம். சேருங்கள். உங்கள் நம்பர் யாருக்கும் தெரியாது.'

கீழே அதையே மலையாளத்திலும் போட்டோம். இங்கே தமிழ் பேசுகிற பாதிப் பேருக்கு மலையாளம்தான் படிக்க வரும்.

மூன்றாம் நாள் அந்த அக்கா வந்தார். ஒன்றும் வாங்கவில்லை. தாளை இரண்டு முறை படித்தார். தன் ஃபோனை எடுத்துக் கட்டத்தை ஸ்கேன் செய்தார், ஃபாலோவை அழுத்தினார். பிறகு கையை நீட்டினார்.

"உங்க ஃபோனைக் காட்டுங்க தம்பி."

"எதுக்குங்கக்கா?"

"யாருக்கும் தெரியாதுன்னு போட்டிருக்கீங்கல்ல. பாக்கறேன்."

சேனலைத் திறந்து, சேர்ந்தவர்கள் பட்டியலைக் காட்டினேன். எனக்கே அன்றுதான் தெரிந்தது. அவர் பெயர் மேலேயே இருந்தது. நான் என் ஃபோனில் பதிந்து வைத்திருந்தபடியே இருந்தது: 'நூறு நாள் அக்கா'.

"நூறு நாள் அக்காவா நானு?"

மனைவி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் ஃபோனில் நம்பர் உள்ளவர்கள் சேர்ந்தால், சேனல் நடத்துகிறவனுக்கு அவர்கள் யார் என்று தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குத் தெரியாது. நான் அதைப் பார்க்காமலே 'யாருக்கும்' என்று எழுதியிருக்கிறேன்.

"தெரியுதுங்களே தம்பி. அப்புறம் எதுக்குப் பொய்யி?"

"பொய்யில்லைங்க. தெரியாம எழுதிட்டேன்."

"அன்னைக்கும் தெரியாமத்தானே சேத்தீங்க?"

கோபம் வந்தது. அவர்மேல் வரவேண்டிய கோபம் இல்லை அது. வாய்க்கு வந்ததைச் சொல்லாமல் இருக்கச் சிரமப்பட்டேன். "உங்க நம்பரை இப்பவே அழிச்சிடறனுங்க" என்றேன்.

"அழிக்க வேண்டாம். உங்ககிட்ட இருக்கறது எனக்கு ஒண்ணுமில்ல. கண்டவன்கிட்டப் போனதுதான். இருக்கறதை இருக்கறபடி எழுதுங்க. எங்காளுகளுக்கு நான்தான் பதில் சொல்லோணும்."

அவர் முன்னாலேயே தாளைக் கிழித்தேன். பில் போடுகிற புத்தகத்தின் பின்பக்கத்தில் கடைசி வரியை மாற்றி எழுதினேன்: 'உங்கள் நம்பர் சேனலில் சேர்ந்த மற்றவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஃபோனில் நீங்கள் ஏற்கெனவே இருந்தால், நீங்கள் சேர்ந்தது எங்களுக்கு மட்டும் தெரியும்.' அவர் வாங்கிப் படித்தார். "இது நீளமா இருக்குது, பரவால்லை" என்றார். இரண்டு கட்டு வெந்தயக் கீரை வாங்கிக்கொண்டு போனார். போகுமுன், அவன் கூப்பிட்டதைச் சொன்ன அன்று 'பிளாக் பண்ணுங்க' என்று மட்டும் சொன்னதற்கு நான் மன்னிப்புக் கேட்டேன். மன்னிக்கவேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

அடுத்த நான்கு நாளில் பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். முதல் செய்தியைப் போட்டேன்: 'வேன் வாளையாரைத் தாண்டியது.' ஒருவரும் வரவில்லை. சாயங்காலம் அக்கா வந்து திட்டினார்.

"சத்தமே வல்லைங்க! நாங்க பாட்டுக்கு மம்மட்டி புடிச்சுட்டு நிக்கறோம்."

சேனலில் சேர்ந்தாலும் அது சத்தம் போடாதாம். மணிப் படத்தை அழுத்தினால்தான் சத்தம் வரும். அதையும் வாசகத்தில் சேர்த்தேன். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோர் ஃபோனையும் வாங்கி அக்காவே மணியை அழுத்தி விட்டாராம்.

பிறகு ஒரு நாள் வாளையாரில் ஒரு லாரி குறுக்கே கவிழ்ந்து ரோடு அடைத்துக்கொண்டது. பன்னிரண்டரைக்கு ஓட்டுநர் கூப்பிட்டார். தராசைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். 'வேன் இன்னும் வாளையாரைத் தாண்டவில்லை. ஒரு மணிக்கு வர வேண்டாம்' என்று போட்டேன்.

ஒரு மணிக்குக் கடையில் ஒருவரும் இல்லை. ஒன்றரைக்கும் இல்லை. காலிக் கடையில் நானும் மனைவியும் உட்கார்ந்திருந்தோம். வியாபாரி சந்தோஷப்படுகிற காட்சி இல்லை அது. நான் சந்தோஷப்பட்டேன்.

மூன்றரைக்கு 'வேன் வாளையாரைத் தாண்டியது' என்று போட்டேன். வேன் நான்கே காலுக்கு வந்தது. வேலை முடிந்து, கை கால் கழுவி, அவர்கள் நாலரைக்கு வந்தார்கள். முன்னால் அக்கா.

"கீரை புதுசுதானுங்களே தம்பி? இல்ல, அதுவும் தெரியாம எழுதினதுங்களா?"

புதுசுதான். எடுத்துக் காட்டினேன்.