இல்லாத கட்டுரை

ஸ்காபரோவில் தமிழ் முதியோருக்கான ஒரு சங்கத்தில் ஆராய்ச்சி உதவியாளராக நான் சேர்ந்து மூன்று வருடங்கள் இருக்கும். டோர்செட் பார்க்கில், மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் எங்கள் அலுவலகம். திட்டங்களுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன், அவரை வெறுத்துக்கொண்டே.

வெறுப்புக்குக் காரணம் ஒரேயொரு பிழை. முதல் வருடம் நான் தயாரித்த அறிக்கையில் ஒரு மேற்கோளின் ஆண்டை மாற்றி எழுதிவிட்டேன். அதை அவர் இருபது பேர் இருந்த கூட்டத்தில் வாசித்துக் காட்டினார்.

“படிச்ச பிள்ளை எண்டு சேர்த்தம். ஒரு வருசத்தையே ஒழுங்கா எழுதத் தெரியேல்லை.”

சிலர் சிரித்தார்கள். அதன்பிறகு வந்த அறிக்கைகளை நான் எழுதினாலும், முன்பக்கத்தில் அவர் பெயர் மட்டுமே இருந்தது. அவர் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தையும் குறிப்பையும் எங்காவது அவர் வழுக்கி விழுவார் என்ற ஆசையோடு வாசித்தேன்.

போன இலையுதிர்காலத்தில் அந்த நாள் வந்தது. தனித்து வாழும் முதியோரின் நீரிழிவு பற்றி நகரசபைக்கு ஒரு நிதி விண்ணப்பம். முதல் தடவையாக அவரே எழுதினார். “ஏஐ இருக்கேக்குள்ள ஏன் கஷ்டப்படுவான்?” என்று செயற்கை நுண்ணறிவுச் செயலியை மெச்சிக்கொண்டு திரிந்தார். கடைசியில் மேற்கோள் பட்டியலின் வடிவமைப்பைச் சரிபார்க்கும்படி என்னிடம் அனுப்பினார்.

விண்ணப்பத்தின் முக்கியமான வாதம் ஒன்பதாவது மேற்கோளில் நின்றது. தமிழ் முதியோர் பற்றி, எங்களுக்கு வேண்டியதை அப்படியே சொன்ன கட்டுரை. இத்துறையில் இவ்வளவு வாசித்த என் கண்ணில் அது ஒருநாளும் படவில்லையே என்று யோசித்தேன்.

டி.ஓ.ஐ. எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் தனியாகக் கொடுக்கப்படும் நிரந்தர எண்ணை, அதற்குரிய இணையத்தளத்தில் போட்டேன். நன்னீர் மீன்களின் செவுள்களைப் பற்றிய ஒரு கட்டுரை திறந்தது.

எண்ணை ஒருவர் தவறாகத் தட்டியிருக்கலாம். அது ஒன்றை மட்டும் வைத்து அவர்மேல் பாய்ந்தால் நான்தான் அவமானப்படுவேன். அதனால் மெதுவாகப் போனேன். சஞ்சிகை உண்மையானது. அதன் தளத்தில் அந்த ஆண்டின் தொகுதி இருபத்தொன்று; பட்டியலில் இருந்ததோ முப்பத்துநான்கு. முப்பத்துநான்காவது தொகுதி இன்னும் வெளிவரவேயில்லை. இருபத்தொன்றின் உள்ளடக்கத்தை இதழ் இதழாகப் பார்த்தேன். அப்படி ஒரு தலைப்பு இல்லை. ஆசிரியர் உண்மையில் இருக்கும் ஒரு பேராசிரியர், நீரிழிவு பற்றித்தான் எழுதுகிறவர். அவருடைய பல்கலைக்கழகப் பக்கத்தில் இருந்த வெளியீட்டுப் பட்டியலிலும் அது இல்லை. தலைப்பை முழுவதுமாக மேற்கோள் குறிக்குள் இட்டு இரண்டு தரவுத்தளங்களில் தேடினேன். ஒன்றுமில்லை.

கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன். எனக்குப் பசித்தது. நல்ல பசி.

வடிவமைப்பை மட்டும் திருத்தி அனுப்பிவிட்டு, நான்கு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் கூடிய நிர்வாகக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவர் ஓய்வுபெற்ற ஒரு வைத்தியர். நாங்கள் டொக்டர் அங்கிள் என்போம். அண்ணை ஒன்பதாவது மேற்கோளைத் திரையில் காட்டிப் பெருமையாகப் பேசி முடித்தார். நான் கையை உயர்த்தினேன்.

“அண்ணை, உந்தக் கட்டுரையை நீங்கள் முழுக்க வாசிச்சனீங்களோ?”

“ஓம். வாசிக்காமலோ போடுவன்?”

“எத்தினை பேரை ஆராய்ஞ்சிருக்கினம்?”

“கனபேர். பெரிய ஆய்வு. மார்க்கம் நகரப் பக்கமும் செய்திருக்கினம்.”

அதற்காகத்தான் காத்திருந்தேன். என் மடிக்கணினியைத் திரையோடு இணைத்து, அந்த எண்ணை எல்லோருக்கும் முன்னால் தட்டினேன். மீன் வந்தது. பிறகு தொகுதியைக் காட்டினேன், பேராசிரியரின் பட்டியலைக் காட்டினேன். அண்ணையின் கழுத்து சிவந்து வருவதை நான் கண் எடுக்காமல் பார்த்தேன்.

“ஏஐ தந்தது,” என்றார் கடைசியில். “அது பொய் சொல்லுமெண்டு எனக்கென்ன தெரியும்?”

“அது சொன்னது கிடக்கட்டும்,” என்றார் டொக்டர் அங்கிள். “வாசிச்சனெண்டு நீர்தானே சொன்னனீர்.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “பிள்ளை, உமக்கு உது எப்ப தெரியும்?”

“திங்கக்கிழமை.”

“இண்டைக்கு வெள்ளி. விண்ணப்பம் நேற்றுப் போயிருந்தா முழுச் சங்கத்துக்கும்தான் அவமானம். அதை யோசிச்சனீரோ?”

யோசிக்கவில்லை. என் முகமும் சூடேறியது. ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அண்ணையிடமிருந்து விண்ணப்பத்தை எடுத்து என்னிடம் தந்தார்கள். மற்ற மேற்கோள்களையும் அதே விதமாகச் சோதித்தேன். இன்னும் இரண்டு பொய் அகப்பட்டன. மூன்றையும் நீக்கி, உண்மையில் இருக்கும் கட்டுரைகள் சொல்லும் அளவுக்கு வாதத்தைச் சுருக்கினேன். முன்னையதைவிட அது பலவீனமாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் வாகனத் தரிப்பிடத்தில் அண்ணை என்னை நிறுத்தினார்.

“எனக்குத் தனியச் சொல்லியிருக்கலாம்.”

“ஓம் அண்ணை. சொல்லியிருக்கலாம்.”

வேறு எதையோ எதிர்பார்த்தவர் போல நின்றார். நான் காரில் ஏறிக் கதவைச் சாத்தினேன். வீடுவரை எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க இப்போதும் எனக்கு மனமில்லை.