வெள்ளத்தில் போன வயலும் வெள்ளையடித்த கல்லும்

எழுதத் தெரிந்தவர்கள் எழுதட்டும் என்றுதான் இத்தனை வருஷமும் சும்மா இருந்தேன். சாதாரண தரப் பரீட்சையில் இரண்டு தடவை கணக்கில் விழுந்தவன் நான். நாலு பேர் கூடிய இடத்தில் வாயைத் திறந்தால் எனக்கு வியர்க்கும். அப்படிப்பட்டவன் கதை சொல்ல வந்தது தப்புத்தான், மன்னிக்க வேண்டும். ஆனால் ஒரு பொலிஸ் புத்தகத்தில் எங்கள் வயலைப் பற்றி நாலு வரி எழுதியிருக்கிறது. அதைவிடக் கொஞ்சம் நன்றாக எழுதிவிடலாம் என்று ஒரு நப்பாசை.

வயல் என்னுடையதல்ல. அக்கா புருஷனுடையது. மச்சானின் அப்பா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து சுமந்து, கிடைத்ததையெல்லாம் போட்டு, இரத்தோட்டை ஊருக்குக் கீழே ஆற்றோரம் வாங்கிய நிலம். ஒரு ஏக்கர், ஒரு றூட், பன்னிரண்டு பேர்ச். அக்கா கல்யாணமாகி, தோட்டத்து லயத்து வரிசை வீட்டிலிருந்து அங்கே போனாள். கொஞ்ச நாளில் நானும் போய் ஒட்டிக்கொண்டேன். அந்த வருஷம் பெரும்போக நெல்லுக்கு மச்சான் பயிர்க் காப்புறுதி எடுத்திருந்தார். விருப்பப்பட்டு எடுக்கவில்லை. பயிர்க்கடன் கொடுத்த வங்கி எடுக்க வைத்தது.

நெல்லில் கதிர் வந்து பால் பிடிக்கும் நேரத்தில் ஆறு வரம்பை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. இரண்டு நாள் தங்கிவிட்டுப் போனது. போகும்போது கீழ்ப்பக்கம் மூன்று பாத்திகளில் முழங்கால் உயரத்துக்கு மணலை விட்டுவிட்டுப் போனது. மேலே இருந்த நெல்லெல்லாம் பாயில் படுத்த மாதிரி ஒரே பக்கமாகப் படுத்திருந்தது.

மச்சான் வரம்பு முழுக்க நடந்து பார்த்தார். பிறகு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“இன்சூரன்ஸ் கெடைக்கலேன்னா வித நெல்லுக்கும் வழியில்ல. திரும்பத் தோட்டத்துக்குப் போயி பேர் பதிய வேண்டியதுதான்.”

தோட்டத்துக்குத் திரும்புவது என்றால், அவருடைய அப்பாவின் முப்பது வருஷத்தையும் ஆறு கொண்டுபோனதாக அர்த்தம். அதனால் படிவத்தை நிரப்பும் வேலை எனக்கு வந்தது. அந்த வீட்டில் சிங்களத்தில் எழுதத் தெரிந்தவன் நான் மட்டும்தான்.

வயல்வெளியின் பெயர், துண்டின் பெயர், நான்கு எல்லை, விதைத்த தேதி, நெல்லினம், சேதமான தேதி, காரணம், சேதமான அளவு. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. ‘எதிர்பார்த்த விளைச்சல், எத்தனை புசல் நெல்’ என்ற இடத்தில் சண்டை வந்தது.

“எரநூறு புசல்னு போடு.”

“அவ்வளவு வெளையிறவரு ஏன் கிழிஞ்ச சாரத்தோட நிக்கிறாருன்னு கேப்பாங்க மச்சான்.”

“ஒனக்கு ரொம்ப வாய் கூடிப்போச்சு.”

“வீட்டுல மட்டுந்தாங்க அதுக்கு வாயி,” என்றாள் அக்கா அடுப்படியிலிருந்து.

தொண்ணூறு புசல் என்று போட்டேன். அதுதான் உண்மை. விவசாயிகளுடைய கமக்காரர் அமைப்பின் செயலாளரிடம் ஒரு கையெழுத்து, கிராம சேவகரிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு, காப்புறுதிப் படிவம் ஏற்கிற கமநல சேவை நிலையத்துக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் அம்மா படிவத்தை வாங்கிக்கொண்டு மூன்று விஷயம் சொன்னார். வயலின் வரைபடம் ஒன்று நாளைக்கே கொண்டு வர வேண்டும். காப்புறுதி உத்தியோகத்தர் வியாழக்கிழமை பார்க்க வருவார். அவர் வந்து பார்க்கும் வரை வயலில் யாரும் கை வைக்கக்கூடாது.

வீட்டுக்கு வந்து மூன்றையும் மச்சானிடம் சொன்னேன். அக்காவிடம், “வியாழக்கிழமை இன்ஸ்பெக்ஷன்” என்று மட்டும் சொன்னேன். மற்றதை மச்சான் சொல்லுவார் என்று நினைத்தேன். நான் சொல்லியிருப்பேன் என்று மச்சான் நினைத்திருக்கிறார்.

அன்றைக்கே உட்கார்ந்து படம் கீறினேன். நன்றாகவே கீறினேன். ஆறு, பாலம், ரோட்டு, வயல் எல்லாம் இருந்தன. வரம்பு உடைந்த இடத்துக்கு ஒரு அம்புக்குறி, மணல் விழுந்த பாத்திகளில் பெருக்கல் அடையாளம். இடம் மிச்சமாக இருந்ததால் வயலில் மேய்கிற எங்கள் மாட்டையும் கீறினேன்.

யுத்த காலத்தில் நாடு இருந்த இருப்பில், பாலத்தோடும் அம்புக்குறியோடும் ஒரு படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தமிழன் ஒருவன் பஸ் ஏறக்கூடாது என்பது, செக்பொயின்ட்டில் எல்லோரையும் இறக்கிப் பைகளைப் பார்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

சார்ஜன்ட் படத்தை நேராகப் பார்த்தார், தலைகீழாகப் பார்த்தார். பஸ் என்னை விட்டுவிட்டுப் போனது. எல்லாம் சிங்களத்தில் நடந்தது.

“இந்த அம்புக்குறி என்ன?”

“ஒடஞ்ச எடம் சார்.”

“யார் ஒடச்சது?”

“தண்ணி சார்.”

“பாலம் எதுக்கு?”

“பாலத்துக்குப் பக்கத்துல வயல் சார்.”

“இது?”

“மாடு சார்.”

“மாடு மாதிரி இல்லையே!”

உண்மைதான். மாடு எனக்கு எப்போதும் சரியாக வராது. ஆனால் அந்த நிமிஷத்தில் அதை ஒத்துக்கொள்ளப் பயமாக இருந்தது.

என்னைப் பொலிஸுக்குக் கொண்டுபோய் ஒரு வாங்கில் உட்கார வைத்தார்கள். அடிக்கவில்லை, அதைச் சொல்ல வேண்டும். கமநல நிலையத்துக்குப் போன் எடுத்தார்கள், லைன் கிடைக்கவில்லை. ஆகவே படத்தில் இருப்பது நிஜமா என்று பார்த்து வர ஒரு பொலிஸ் கொஸ்தாப்பலை மோட்டார் சைக்கிளில் அனுப்பினார்கள்.

கொஸ்தாப்பல் போன நேரம் வயலில் அக்கா மட்டும் இருந்திருக்கிறாள். என்னைப் பிடித்து வைத்திருப்பதாக அவர் சொன்னாரா இல்லையா என்பது இன்றைக்கும் தெளிவில்லை, அக்காவின் சிங்களம் அப்படி. அவர் வரம்பில் நடந்து, மணலில் குச்சியைக் குத்தி ஆழம் பார்த்து, ஏதோ எழுதிக்கொண்டு, சப்பாத்தில் ஒட்டிய சேற்றைப் பார்த்து “சீக்!” என்று முகத்தைச் சுளித்துவிட்டுப் போயிருக்கிறார். அக்கா அவரை இன்ஸ்பெக்ஷனுக்கு முந்தி வருகிற ஆள் என்று எடுத்துக்கொண்டாள்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். தோட்டத்து மனேஜரான பெரிய தொரையோ அவருக்கும் பெரிய ஆளோ பார்க்க வருகிறார்கள் என்றால் லயத்துச் சாக்கடைக் கானைச் சுத்தம் செய்வார்கள், பாதையைக் கூட்டுவார்கள், பாதையோரக் கல்லுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். வந்தவர் சுத்தமாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டுப் போவார். கூரை ஒழுகுகிறது என்று அவரிடம் யாரும் சொல்வதில்லை. இன்ஸ்பெக்ஷன் என்றால் அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பொலிஸிலிருந்து யாரோ சொல்லிவிட, மச்சான் என்னைத் தேடி ஓடி வந்தார், அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். லைன் கிடைத்து, கிளார்க் அம்மா என் பேரைச் சொல்லி, கொஸ்தாப்பலின் குறிப்பையும் பார்த்து எங்களை விட்டபோது மறுநாள் புதன்கிழமை பின்னேரம். படத்தை மட்டும் திருப்பித் தரவில்லை.

நடந்து வீடு வந்து சேர நன்றாக இருட்டிவிட்டதால், வியாழக்கிழமை காலையில்தான் வயலுக்குப் போனோம். போன இடத்தில் மச்சான் வரம்பிலேயே குந்திவிட்டார்.

அக்கா லயத்திலிருந்து ஆறு பெண்களைக் கூட்டி வந்து இரண்டு நாளும் வேலை செய்திருந்தாள். மணலையெல்லாம் கூடையில் அள்ளி, உடைந்த வரம்பை அதனாலேயே அடைத்திருந்தாள். மூன்று பாத்திகளும் பலகை போட்டு இழுத்த மாதிரி மட்டமாக, மொட்டையாக இருந்தன. படுத்திருந்த நெல்லை நிமிர்த்தி, பிடி பிடியாக வாழைநாரால் கட்டியிருந்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நிற்பது போல நின்றது. நான்கு எல்லைக் கல்லுக்கும் சுண்ணாம்பு அடித்திருந்தாள்.

“என்னா புள்ள செஞ்சி வச்சிருக்க?”

“ஏன், நல்லால்லியா?” என்றாள் அக்கா. “அந்தப் பொலிஸ்காரரு சீன்னுட்டுப் போறாரு. எனக்கு மானமே போச்சிங்க.”

பேசி முடிப்பதற்குள் காப்புறுதி உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார். கையில் எங்கள் படிவம். வயலைப் பார்த்தார். படிவத்தைப் பார்த்தார். சுண்ணாம்பு அடித்த கல்லை நெடுநேரம் பார்த்தார்.

“இங்க என்ன, கலியாண வீடா?” என்று தமிழிலேயே கேட்டார்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டார்.

“மூணு பாத்தியில மணல் முழங்கால் உசரம்னு எழுதியிருக்கு. மணல் எங்க?”

“அள்ளிட்டோம் மாத்தயா,” என்றாள் அக்கா, கொஞ்சம் பெருமையோடு.

“நெல்லு எங்க?”

“மணலோட போச்சு.”

“இதுல நட்டதே இல்லைன்னு நான் சொல்றேன். நடாத பாத்திக்குக் காப்புறுதி கிடையாது. நட்டேன்னு எழுதினா அது பொய்க் கோரிக்கை. இந்தப் பாத்திக்காக முழுப் படிவமும் தள்ளுபடியாகும், தெரியுமா?”

பேனாவைத் திறந்தார். மச்சானின் முகம் எப்படி இருந்தது என்று எழுத எனக்கு வராது. அக்கா அப்போதுதான் விஷயத்தைப் பிடித்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

எனக்கு வியர்க்கத் தொடங்கியது. என்ன சொல்ல வேண்டும் என்பது தெரியும். சொன்னால் எங்கே போக வேண்டி வரும் என்பதும் தெரியும்.

“மாத்தயா,” என்றேன். “அள்ளுறதுக்கு முந்தி பார்த்த ஆள் ஒருத்தர் இருக்காரு.”

“யாரு, இவங்க சொந்தக்காரரா?”

“இல்ல. பொலிஸ்.”

நேற்றுத்தான் விடுவித்த ஆள் இன்றைக்குத் தானாகவே வந்து வாசலில் நிற்பதைப் பார்த்துச் சார்ஜன்ட் எழுந்தே விட்டார்.

“என்ன, இன்னொரு மாடு கீறினியா?”

உத்தியோகத்தர் விஷயத்தைச் சொன்னார். சார்ஜன்ட் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்தவர்களும் எட்டிப் பார்த்தார்கள். பிறகு புத்தகத்தை எடுத்து வாசித்தார். ஆற்றோர வரம்பு பத்தடி அளவுக்கு உடைந்திருக்கிறது. மூன்று பாத்திகளில் முழங்கால் உயரத்துக்கு மணல், மணலுக்கு மேலே நெல்லின் நுனி அங்கங்கே தெரிகிறது. மற்ற நெல் சாய்ந்து கிடக்கிறது. சந்தேகத்துக்குரியது எதுவும் இல்லை, ஒரு பெண்ணும் ஒரு மாடும் இருந்தார்கள்.

“நெல்லின் நுனி” என்ற இடத்தில் உத்தியோகத்தர் கையை உயர்த்தினார். அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். தேதியையும் பதிவு இலக்கத்தையும் எங்கள் படிவத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். என் படத்தைப் பிரதி எடுத்துத் தரும்படி கேட்டார்.

திரும்பி வந்து மூன்று பாத்திகளையும் நாடா பிடித்து அளந்தார். அது முழு நட்டம் என்று எழுதினார். வாழைநார் கட்டுகளில் நாலைந்தை அவிழ்த்து, கதிரை நகத்தால் கீறிப் பார்த்தார். பாதி பதர்.

“இது எவ்வளவு தேறுதுன்னு அறுத்து அளந்த பிறகுதான் சொல்ல முடியும். அறுக்கிறதுக்கு முந்தி எங்களுக்கு அறிவிக்கணும்.” பிறகு அக்காவின் பக்கம் திரும்பினார். “நீங்க அதுவரைக்கும் வயல் பக்கமே வராதீங்க.”

“சரிங்க மாத்தயா. தேத்தண்ணி ஊத்தவா?”

“தேத்தண்ணி ஊத்தலாம்.”

மச்சான் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். உத்தியோகத்தர் கோப்பையை வைத்துவிட்டுப் போகும்போது சுண்ணாம்புக் கல்லை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டு போனார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மழை இல்லை. மச்சான் வரம்புக்கு மண் வெட்டினார். மாடு மொட்டைப் பாத்தியில் படுத்திருந்தது. அக்கா வயலுக்குப் போகவில்லை.