மெதுவாகச் சொன்ன வாய்ப்பாடு

கல்யாணமாகி வட்டகொடைக்கு வந்தபோது எனக்கு ஆசிரியர் நியமனம் வரும் என்ற நம்பிக்கை மட்டும்தான் இருந்தது. அக்கரப்பத்தனையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில் பிறந்து, ஒரு பாதிரியாரின் தயவில் விடுதியில் தங்கிப் படித்தவள் நான். என் கணவர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு சாமான் கடையில் கிளார்க். காலையில் போனால் கடை சாத்தித்தான் வருவார். அதுவரை நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாங்கள் குடியிருந்தது, ஓய்வு பெற்ற ஒரு கண்டாக்கையாவின் வீட்டின் பின்பாதி. இரண்டு அறை, ஒரு அடுப்படி. முன்பாதியில் அவரும் அவர் மனைவியும். குழாயும் கக்கூஸும் இரண்டு வீட்டுக்கும் பொது. தோட்டத்தில் வேலை மேற்பார்வை பார்த்து, விடியற்காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே தொண்டை கட்டிப்போன மனிதர் அவர். தான் கட்டிய வீட்டில் அமைதியாக இருக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. வீடு பார்க்க வந்த அன்றே, "ரேடியோ இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றதும்தான் சாவி கொடுத்தார்.

குழாயடியில் பழக்கமான ஒரு கொழுந்து பறிக்கும் அம்மா ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

"நீங்க படிச்சவங்கதானே. எம்மவ அஞ்சாம் வகுப்பு. தோட்டத்துப் பள்ளிக்கூடம் அதோட முடிஞ்சிருது. டவுன் ஸ்கூல்ல சேக்கணும்னா இங்கிலீசும் கணக்கும் கேப்பாங்களாம். சாயங்காலம் கொஞ்சம் சொல்லிக் குடுக்கிறீங்களா?"

உடனே சரி என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் வீடு என்னுடையது இல்லையே. வாடகைக்கு வந்தபோது கையெழுத்துப் போட்ட தாளில், குடியிருக்க மட்டும் என்று தெளிவாக எழுதியிருந்தது. கேட்டுச் சொல்கிறேன் என்றேன். இதற்குள் செய்தி பரவி, பேக்கரிக்காரர் மகனும், ரயில் பாதை வேலையாள் ஒருவரின் இரண்டு பிள்ளைகளும் வர ஆசைப்படுவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

கண்டாக்கையாவின் மனைவிதான் எனக்கு வழி சொன்னார். "டீ குடிக்கிறதுக்கு முந்திக் கேக்காதே. குடிச்சிட்டு வெத்தல போடுறப்ப கேளு."

அப்படியே போய்க் கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே முழுவதையும் கேட்டார். பிறகு சொன்னார்:

"வாடகைக்காரர் உங்க வீட்டுக்காரர். கேக்கிறதுன்னா அவர் வந்து கேக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை என் கணவரை முன்னால் நிறுத்தினேன். அவர் கடையில் எவ்வளவு பேசுவாரோ, அவ்வளவுக்கு வெளியில் ஊமை. "ஐயா, நாங்க..." என்றார். அதோடு நின்றது. மீதியை நானே பேச வேண்டியதாயிற்று. ஆனாலும் கண்டாக்கையா தன் கேள்விகளை எல்லாம் அவரைப் பார்த்தே கேட்டார்; நான் பதில் சொன்னேன்.

"எத்தனை புள்ளைங்க?"

"இப்ப நாலு. ஆறுக்கு மேல சேக்க மாட்டோம்."

"எங்க உக்காருவாங்க?"

"எங்க முன்அறையில, பாய் போட்டு."

"மழையில சேத்துக் காலோட வருவாங்களே?"

"பின்பக்க வழியா வந்து, குழாயில காலைக் கழுவிட்டுத்தான் ஏறுவாங்க. உங்க வாசப்பக்கம் வர மாட்டாங்க."

"படிக்கட்டுல வழுக்கி விழுந்தா?"

"பெத்தவங்ககிட்ட முன்னாடியே சொல்லிருவேன். பொறுப்பு எங்களுது."

எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார். உண்மையான பயம் அதற்குப் பிறகுதான் வெளியே வந்தது.

"இன்னிக்கு டியூசன்னு சொல்லுவீங்க. நாளைக்கு வாசல்ல போர்டு மாட்டுவீங்க. அப்புறம் இது பள்ளிக்கூடம்னு ஆயிரும். வாடகைச் சட்டம் இப்ப குடியிருக்கிறவங்க பக்கம். எனக்கு வீடு வேணும்னு கேட்டா, புள்ளைங்க படிப்பு கெடுதுன்னு ஊரே என்னைத்தான் ஏசும்."

அவர் பிடிவாதக்காரர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். தன் ஆயுள் உழைப்பு கைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அது என்று அப்போதுதான் புரிந்தது. லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவில் பிறந்தவளுக்கு, சொந்தமில்லாத கூரை என்றால் என்னவென்று தெரியாதா?

"போர்டு வேணாங்கய்யா. நிப்பாட்டச் சொன்னா, மறுவார்த்தை பேசாம நிப்பாட்டிருவோம். வீட்டு மேல இதனால எந்த உரிமையும் கேக்க மாட்டோம்னு அந்தத் தாள்லயே எழுதிக் குடுக்கிறோம்."

அவர் முகம் இளகியது. பழைய தாளின் அடியில் இரண்டு வரி எழுதினோம். என் கணவர் கையெழுத்திட்டார். அன்று அவர் உருப்படியாகச் செய்த காரியம் அதுதான்.

"ஒரு மாசம் பாப்போம். இருட்டுறதுக்குள்ள அனுப்பிரணும். முக்கியமா, சத்தம் வரக் கூடாது" என்றார் கண்டாக்கையா.

பிள்ளைகளிடம் அந்தக் கடைசி நிபந்தனையைத்தான் அதிகம் சொன்னேன். அவர்களும் அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். வாய்ப்பாட்டைக் குசுகுசுவென்று ஒரே தாளத்தில் சொல்வார்கள். ஆங்கிலப் பாடத்தை ஏதோ ரகசியம் பேசுவதுபோல வாசிப்பார்கள். யாராவது குரலை உயர்த்தினால், மற்ற மூன்று பேரும் உதட்டில் விரல் வைப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் கண்டாக்கையாவின் நாற்காலி கிறீச்சிடுவது எங்களுக்குக் கேட்கும். நாங்கள் அவருக்குக் கேட்கவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மாதம் முடியும் தறுவாயில் தோட்டத்துப் பள்ளி வாத்தியார் என்னைத் தேடி வந்தார். முதலில் அகப்பட்டது வாசலில் நின்ற கண்டாக்கையாதான். அவரிடமே முறையிட்டுவிட்டார்.

"என்னங்கய்யா நடக்குது இங்க? நல்லா வாசிக்கிற அஞ்சாம் வகுப்புப் புள்ள, இப்ப எழுப்பி வாசிக்கச் சொன்னா காதுக்குள்ள சொல்ற மாதிரி முணங்குது. தொண்டையில ஏதும் கோளாறான்னு தாயைக் கூப்பிட்டே கேட்டேன். டவுன் ஸ்கூல்ல எல்லார் முன்னாலயும் நிறுத்தி வாசிக்கச் சொல்லுவாங்க. இப்படி வாசிச்சா யாரு சேத்துக்குவா?"

அடுப்படியிலிருந்து ஓடி வந்த நான், இதோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கண்டாக்கையாவோ என் பக்கம் திரும்பினார்.

"சத்தம் போட வேணாம்னுதானே சொன்னேன்? வாயைக் கட்டிப்போடவா சொன்னேன்?"

"ரெண்டுக்கும் நடுவுல எங்க நிக்கிறதுன்னு புள்ளைங்களுக்குத் தெரியலைங்கய்யா" என்றேன்.

உள்ளேயிருந்து அவர் மனைவி சிரிக்கும் சத்தம் கேட்டது. வாத்தியாரும் சிரித்துவிட்டார். கண்டாக்கையா மட்டும் நெற்றியைச் சுருக்கி நின்றார்.

தைரியம் வந்து, இரண்டாவது அனுமதியைக் கேட்டேன். அவர் தினமும் சாயங்காலம் குடையை எடுத்துக்கொண்டு, ரயிலில் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்க்க ஸ்டேஷனுக்குப் போவது வழக்கம். "நீங்க போயிட்டு வர்ற நேரத்துல மட்டும் வாய்விட்டு வாசிக்கட்டுமா? வந்த பிறகு எழுத்து வேலை குடுக்கிறேன்."

"ரயில் லேட்டானா?"

"கூடுதலா வாசிப்பாங்க."

அதற்குத்தான் அவர் சிரித்தார். வெற்றிலைக் காவி படிந்த பல் அத்தனையும் தெரிந்தது.

மறுநாளிலிருந்து எங்கள் பாடவேளை ரயிலோடு ஓடியது. அவருடைய குடை தெரு வளைவைத் தாண்டியதும் வீடே அதிரும். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் முந்திக் கத்துவார்கள். கண்டாக்கையாவின் மனைவி வேண்டுமென்றே சுவர்ப் பக்கமாக வந்து உட்கார்ந்து கேட்பார். குடை திரும்பி வருவது தெரிந்ததும் பென்சில்கள் மட்டும் பேசும். ரயில் தாமதமாக வர வேண்டுமென்று பிள்ளைகள் வேண்டிக்கொண்டதும் உண்டு.

கொழுந்து பறிக்கும் அம்மாவின் மகள் டவுன் ஸ்கூலில் எழுந்து நின்று வாசித்த வாசிப்பு, பக்கத்து வகுப்புக்கும் கேட்டதாம். அவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த அம்மா தோட்டத்துக் கோயிலில் பொங்கிய பொங்கலை முதலில் கண்டாக்கையா வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அவர் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "பாத்து, பின்பக்க வழியாவே போ" என்றார்.

ஒரு மாதம் என்ற தவணை மட்டும் நீங்கவேயில்லை. வாடகை கொடுக்கப் போகும்போதெல்லாம், "சரி, இந்த மாசமும் நடத்துங்க" என்பார். அப்படி மாதம் மாதமாகவே வருடங்கள் போயின.

எனக்குப் பூண்டுலோயாப் பக்கத்தில் நியமனம் வந்து, வீட்டைக் காலி செய்தோம். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த அன்று, வாடகைக்கு வீடு பார்க்க ஓர் இளம் தபால்காரர் வந்தார். கண்டாக்கையா அவரிடம் ரேடியோவைப் பற்றிக் கேட்கவில்லை.

"தம்பிக்குக் கணக்கு வருமா?" என்றார்.

"எதுக்குங்கய்யா?" என்றார் தபால்காரர்.

"சாயங்காலம் புள்ளைங்க வருவாங்க. அதுக்குச் சம்மதம்னா உள்ள வந்து வீட்டைப் பாருங்க."